ஒரே சட்டிக் குழம்பில் மூன்று காரம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளுக்கு மூன்று வயது, காரம் பட்டால் தட்டையே தள்ளிவிடுகிறாள். மாமனாருக்கு நெஞ்செரிச்சல் உண்டு. மாமியார் நடுத்தரமாகச் சாப்பிடுவார். எனக்கும் கணவருக்கும் சுள்ளென்று இருக்க வேண்டும். இரண்டு குழம்பு வைக்க நேரமில்லை. காரமில்லாமல் கோழிக் குழம்பு வைத்து, அவர்களுக்கு எடுத்துவிட்டு, மீதியில் மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன். பச்சை வாசனை போகவில்லை, தொண்டையைக் கமறுகிறது. எடுத்து வைத்த குழம்போ சப்பென்று இருக்கிறது. ஒரே சட்டியில் எல்லோருக்கும் ருசியாகச் செய்ய வழி உண்டா?

பதில்:

உண்டு. முதலில் எடுத்துவிட்டு, மீதியில் காரம் சேர்ப்பது என்று நீங்கள் பிடித்த வரிசை சரியானதே. இரண்டு இடங்களில் மாற்றம் போதும். மிளகாய்த்தூள் குழம்பில் விழாமல் முதலில் எண்ணெயில் விழ வேண்டும். அடிக் குழம்பு, அதாவது காரம் சேர்ப்பதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் குழம்பு, மிளகாயைக் கழித்துவிட்ட குழம்பாக இல்லாமல், மிளகாய் இல்லாமலே தன் காலில் நிற்கும் குழம்பாக இருக்க வேண்டும். பச்சை வாசனைக்கு முதல் மாற்றம் மருந்து, சப்பென்று இருப்பதற்கு இரண்டாவது.

பச்சை வாசனையிலிருந்து தொடங்குகிறேன். மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருகிறது. அது எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. மிளகாயின் சிவப்பு நிறமும் அப்படித்தான். வழக்கமாகக் குழம்பு வைக்கும்போது வெங்காயமும் தக்காளியும் வதங்கிய எண்ணெயில் தூளைப் போட்டு, எண்ணெய் பிரியும் வரை வதக்குகிறோம். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் காரமும் நிறமும் எண்ணெயில் இறங்குகின்றன, தூள் லேசாக வறுபட்டு மணம் மாறுகிறது. கொதிக்கும் குழம்பில் நேராகத் தூவினால் இந்த வேலை எதுவும் நடப்பதில்லை. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. அந்தச் சூட்டில் தூள் ஊறும், வறுபடாது. ஊறிய துகள்கள் குழம்பில் மிதந்துகொண்டே இருந்து தொண்டையில் போய் ஒட்டுகின்றன. நீங்கள் சொல்லும் கமறல் அதுதான். இருபது நிமிடம் விடாமல் கொதிக்கவிட்டால் ஓரளவு அடங்கும், ஆனால் அதற்குள் கோழி நார்நாராகப் பிரிந்துவிடும்.

ஆகவே காரத்தைத் தனியே சமைத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் காரத் தாளிப்பு என்றே சொல்வேன். ஒரு கிலோ கோழிக் குழம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரம் ஏற்ற, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஆறு, தட்டிய பூண்டு நான்கு பல், ஒரு கொத்து கறிவேப்பிலை, இரண்டரைத் தேக்கரண்டி காரமான மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவு போதும். இது தனியான மிளகாய்த்தூளாக இருக்க வேண்டும், மல்லி கலந்த குழம்புத்தூள் உதவாது. தாளிப்புக் கரண்டி இதற்குச் சிறியது. அடி கனமான சிறு வாணலி எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தையும் பூண்டையும் போட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை நிதானமாக வதக்குங்கள். கறிவேப்பிலை பொரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்தபின் அரை நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான். தூள் மிகவும் நுண்ணியது, புகையும் எண்ணெயில் விழுந்தால் நொடியில் கருகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் சின்னச் சின்ன நுரை எழுந்து, சிவப்பு மாறாமல் நின்றால் சூடு சரி. விழுந்த உடனே கறுத்தால் இன்னும் ஆற வேண்டும். நுரையே வரவில்லை என்றால் ஆறிப்போய்விட்டது, மறுபடி மெல்லிய தீயில் வையுங்கள்.

சூடு சரியானதும் தூளையும் உப்பையும் மொத்தமாகப் போட்டு, பத்துப் பதினைந்து நொடி விடாமல் கிளறுங்கள். எண்ணெய் ஆழ்ந்த சிவப்பாகும், மணம் காய்ந்த புல்லின் நெடியிலிருந்து வறுத்த மிளகாயின் இனிமையான வாசனைக்கு மாறும். மாறிய அந்தக் கணத்தில், பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து இதில் ஊற்றுங்கள். சடசடவென்று பொங்கி அடங்கும். குழம்பின் ஈரம் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடுவதால் தூள் அதற்கு மேல் கருகாது. பிறகு மெல்லிய தீயில் மூன்று நான்கு நிமிடம், ஓரத்தில் சிவந்த எண்ணெய் பிரிந்து நிற்கும் வரை கொதிக்கவிடுங்கள். கெட்டியான செந்நிற விழுதாக இறங்கும். இனி இதைக் குழம்பில் கலந்தால் ஒரு கொதி போதும், ஏனென்றால் மிளகாயின் சமையல் முடிந்துவிட்டது.

கருகியதை எப்படிக் கண்டுகொள்வது? நிறம் சிவப்பிலிருந்து காப்பிப்பொடி நிறத்துக்குப் போயிருக்கும், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இருமுவார்கள், நாக்கின் பின்பகுதியில் கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்குப் பரிகாரம் கிடையாது. வெல்லம் போட்டும் மறையாது, புளி விட்டும் மறையாது. அதைக் கொட்டிவிட்டு வேறொன்று செய்யுங்கள். மூன்று கரண்டி எண்ணெயோடு போகிறது, ஒரு கிலோ கோழி தப்பிக்கிறது. இந்த முறையின் பெரிய வசதியும் இதுவே. காரத்தில் ஏற்படும் எந்தப் பிழையும் சின்ன வாணலியோடு நின்றுவிடும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கை பழக்கத்தில் முழுச் சட்டிக்கான மிளகாயை எடுத்து மீதிக் குழம்பில் போட்டுவிடுவோம். ஒரு கிலோ கோழிக்கு ஒரு லிட்டர் அளவு குழம்பு நிற்கிறது, அதற்கு நீங்கள் நான்கு தேக்கரண்டி போடுபவர் என்றால், மூன்றில் ஒரு பங்கை எடுத்தபின் மீதிக்கு இரண்டரைக்குச் சற்று மேல்தான் வரும். குழம்பின் அளவைப் பார்த்துக் கணக்கிடுங்கள், கோழியின் எடையைப் பார்க்க வேண்டாம். தூளுக்குத் தூள் காரம் மாறுவதால், புதுப் பொட்டலம் பிரித்த வாரத்தில் விழுது முழுவதையும் ஒரே தடவையில் கொட்டாமல் முக்கால் பங்கை மட்டும் கலந்து பார்ப்பது நல்லது. மிஞ்சியதைக் கிண்ணத்தில் பந்திக்குக் கொண்டு போகலாம்.

இனி அடிக் குழம்பு. இங்குதான் உண்மையான சமையல் இருக்கிறது. தமிழ் வீடுகளில் குழம்புத்தூள் என்பது மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, மஞ்சள் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்து வருவது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் அப்படியே, எல்லாம் வறுத்து ஒன்றாக அரைத்தது. மிளகாயைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லாததால், காரத்தைக் குறைக்க வேண்டுமானால் தூளையே குறைக்கிறோம். தூளைக் குறைத்தால் மல்லியும் சீரகமும் கூடவே குறைந்துவிடும், குழம்பின் கெட்டித்தன்மையும் மணமும் போய்விடும். குழந்தையின் குழம்பு சப்பென்று ஆவதற்கு மிகப் பெரிய காரணம் இது. அடுத்த முறை மில்லுக்குக் கொடுக்கும்போது மிளகாயைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் அரைத்து வாங்குங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டால் சாம்பார், காரக்குழம்பு, கறிக்குழம்பு எல்லாவற்றிலும் காரம் உங்கள் கைக்குள் வந்துவிடும். அதுவரை கடையில் விற்கும் மல்லித்தூளை வைத்துச் சமாளிக்கலாம்.

மிளகாய் குழம்புக்குக் காரத்தை மட்டும் தருவதில்லை. நிறம் தருகிறது, பழுத்த மிளகாய்க்கே உரிய லேசான இனிப்பும் மணமும் தருகிறது, புளிப்பையும் உப்பையும் அமர்த்தி வைக்கிறது. மிளகாய் இல்லாத குழம்பில் வழக்கமான அளவு தக்காளி போட்டால் புளிப்பு முன்னால் வந்து நிற்கும், வழக்கமான உப்பே சற்று தூக்கலாகத் தெரியும். அதனால் அடிக் குழம்பில் தக்காளியையும் உப்பையும் கொஞ்சம் குறைத்து, வெங்காயத்தையும் மல்லியையும் தேங்காயையும் கூட்ட வேண்டும். நிறத்துக்கும் மணத்துக்கும் காஷ்மீரி மிளகாய் இருக்கிறது. நிறம் அதிகம், காரம் குறைவு. கர்நாடகத்தின் பேடகி மிளகாயும் நல்ல நிறம் தரும், காரம் மிதமாக இருக்கும். மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நரம்பில்தான் காரம் குடியிருக்கிறது, விதையில் இருப்பது அதிலிருந்து தொற்றியது. காஷ்மீரி மிளகாயைக் கீறி, நரம்பையும் விதையையும் வழித்தெடுத்துவிட்டு, வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் குழந்தைக்கும் ஏற்ற சிவந்த விழுது கிடைக்கும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை இந்த முறையில் வைத்தால் இப்படிப் போகும். எலும்போடு ஒரு கிலோ கோழி. நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு துண்டுப் பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு தேக்கரண்டி சோம்பு தாளித்து, முந்நூறு கிராம் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடியாக மாறியதோடு நிறுத்திவிடாமல் செம்மண் நிறத்துக்குப் போகும் வரை வதக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மிளகாய் தராத ஆழத்தை இந்த வெங்காயம்தான் தரப்போகிறது, இதில் அவசரப்பட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, அது வதங்கியதும் இரண்டு தக்காளி. தக்காளி குழைந்ததும் நான்கு மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி சீரகத்தூள், ஒரு தேக்கரண்டி சோம்புத்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், நான்கு காஷ்மீரி மிளகாயின் விழுது ஆகியவற்றைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். மல்லிக்கும் பச்சை வாசனை உண்டு. அடி பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம்.

கோழியைப் போட்டு ஐந்து நிமிடம் புரட்டி, ஒன்றே முக்கால் தேக்கரண்டி உப்பும் மூன்று டம்ளர் தண்ணீரும் விட்டு மூடி வையுங்கள். கோழி முக்கால் வேக்காடு வந்ததும் அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி கசகசா, ஆறு முந்திரி சேர்த்து அரைத்த விழுதை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இந்த இடைவெளியில் பக்கத்து அடுப்பில் காரத் தாளிப்பைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும். கூடுதலாக ஆகும் நேரம் எட்டு நிமிடத்துக்கு மேல் போகாது.

அடிக் குழம்பை இந்த நிலையில் ருசி பாருங்கள். இதுவே ஒரு முழுமையான குழம்பாக, வெள்ளைச் சோற்றில் ஊற்றிப் பெரியவர்களும் விரும்பிச் சாப்பிடும்படி இருக்க வேண்டும். இல்லை என்றால் மிளகாயைத் தொடுவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். பெரும்பாலும் வெங்காயம் போதுமான அளவு வதங்காமல் இருந்திருக்கும், அல்லது தண்ணீர் கூடியிருக்கும். ஐந்து நிமிடம் திறந்து வைத்து வற்றவிட்டாலே குழம்பு எழுந்து நிற்கும்.

இப்போது பிரிக்கும் வரிசை. மகளுக்கும் மாமனாருக்கும் உரிய குழம்பையும் துண்டுகளையும் வேறு பாத்திரத்தில் எடுத்து மூடிவிடுங்கள். சட்டியில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். காரத் தாளிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சட்டியில் கலந்து ஒரு கொதி விட்டு, மாமியாருக்கு உரியதை எடுங்கள். மீதித் தாளிப்பு மொத்தத்தையும் ஊற்றி, ஐந்து நிமிடம் மெல்லிய தீயில் வையுங்கள். அது உங்கள் இருவருக்கும். காரம் ஏறலாம், இறங்காது என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. எடுத்த குழம்பை மறுபடி சட்டியில் ஊற்றிச் சமன்செய்யும் வேலையும் வேண்டாம்.

அந்தக் கடைசி ஐந்து நிமிடம் ஏன் என்றால், துண்டுகளுக்காக. உப்பு இறைச்சிக்குள் இறங்கும், மிளகாயின் காரம் அவ்வளவாக இறங்காது. வழக்கமான முறையிலும் துண்டின் உள்ளே காரம் இருப்பதில்லை, மேற்புறத்தில் ஒட்டிய மசாலாதான் காரமாகத் தெரிகிறது. கடைசியில் சேர்க்கும் காரத்துக்கு ஒட்டிக்கொள்ள நேரம் குறைவு, ஆகவே குழம்பு காரமாகவும் துண்டு காரம் குறைந்தும் இருப்பதாக உங்கள் கணவர் சொல்லக்கூடும். காரப் பங்கில் குழம்பைச் சற்று வற்றவிட்டுத் துண்டில் பூசி நிற்கும்படி செய்தால் இந்தக் குறை தீரும். இன்னொரு வழி, உங்கள் இருவருக்குமான நான்கைந்து துண்டுகளைக் காரத் தாளிப்பு வாணலியிலேயே போட்டு இரண்டு நிமிடம் புரட்டிவிட்டுப் பிறகு குழம்பில் சேர்ப்பது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். வாணலியில் ஒட்டியிருக்கும் மசாலாவெல்லாம் துண்டில் ஏறிவிடும். உருளைக்கிழங்கு, முட்டை, காளான் போட்ட குழம்புகளுக்கும் இதே வழி பொருந்தும்.

ருசி பார்க்கும் சூட்டையும் கவனிக்க வேண்டும். நாக்கில் காரத்தை உணரும் ஏற்பியும் சுடுகிறது என்பதை உணரும் ஏற்பியும் ஒன்றே, அதற்கு TRPV1 என்று பெயர். 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயின் கேப்சைசினைக் கொண்டுதான் அதைக் கண்டறிந்தார்கள், அந்த ஆய்வுக்காக 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையலறைக்கு இதனால் என்ன பயன் என்றால், கொதிக்கும் சட்டியிலிருந்து நக்கிப் பார்க்கும்போது குழம்பு உள்ளதைவிடக் காரமாகத் தெரியும். சாப்பிடும் சூட்டில், சோற்றோடு பிசைந்தால் அதே குழம்பு இறங்கித் தெரியும். ஆகவே ஒரு கரண்டிக் குழம்பைக் கிண்ணத்தில் ஆறவிட்டு, ஒரு கவளம் சோற்றோடு பாருங்கள். மகளுக்குக் கொடுக்கும் குழம்பு வெதுவெதுப்பாக இருந்தால் காஷ்மீரி மிளகாயின் சின்ன உறைப்பும் அவளுக்குத் தெரியாமல் போகும். தவறிப்போய் அவள் வாயில் காரம் பட்டுவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை, தண்ணீரில் கேப்சைசின் கரையாதே. ஒரு வாய்ப் பாலோ தயிரோ கொடுங்கள். பாலின் புரதமும் கொழுப்பும் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும்.

மாமனாரைப் பற்றி ஒன்று. மிளகின் காரம் பைபரின் என்ற வேறு பொருள், ஆனாலும் அதுவும் இதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. மிளகாயைத் தவிர்த்துவிட்டு அடிக் குழம்பில் மிளகை அள்ளிப் போட்டால் அவருக்கு நன்மை ஏதும் இல்லை. பலருக்கு நெஞ்செரிச்சலைப் புளிப்பும் அதிக எண்ணெயும்கூடத் தூண்டும். அவர் பங்கை எடுக்கும்போது மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு எடுங்கள். தக்காளியைக் குறைத்தது அவருக்கும் உதவும்.

உங்களுக்கும் கணவருக்கும் மிளகு நல்ல வழி. கடைசியில் சேர்ப்பதற்கென்றே அமைந்த காரம் அது. மிளகுக்குப் பச்சை வாசனைத் தொல்லை கிடையாது, நெடுநேரம் கொதித்தால் அதன் மணம்தான் ஆவியாகிப் போகும். அப்போது இடித்த மிளகு ஒரு தேக்கரண்டியை ஒரு கரண்டி நெய்யில் பொரித்துக் காரப் பங்கில் ஊற்றிப் பாருங்கள், கோழிக்கும் ஆட்டுக்கறிக்கும் அற்புதமாகச் சேரும். போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் நம் பக்கம் வரும்வரை நம் குழம்புகளின் காரம் மிளகுதானே. பச்சை மிளகாய் வேறு குணம். இரண்டாகக் கீறி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், வாசனையோடு காரம் இறங்கும். தேங்காய்ப்பால் குழம்புக்கும் சொதிக்கும் அதுதான் பொருந்துகிறது, சிவப்பு மிளகாய்த்தூள் அவற்றின் நிறத்தைக் கெடுத்துவிடும். தாளிப்பில் போடும் காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போட்டால் மணம் மட்டும் வரும், காரம் உள்ளேயே தங்கும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் இதற்கு வாகானது. குழந்தையின் பங்குக்கே முழுக் குண்டு மிளகாய் ஒன்றைத் தாளித்துவிட்டு, பரிமாறும்போது எடுத்துவிடலாம்.

எல்லாக் குழம்பும் இதற்கு இணங்காது. கோழி, ஆட்டுக்கறி, முட்டை, குருமா, பருப்புக் குழம்பு வகைகளுக்குத் தயக்கமின்றிச் செய்யலாம். தேங்காய்ப்பாலும் முந்திரியும் நிறைந்த குருமாவில் கொழுப்பு காரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறைப்பு மந்தமாகத் தெரியும், தாளிப்பைக் கால் பங்கு கூட்டலாம். நீர்த்த குழம்பில் நேர்மாறாக நடக்கும். சிவந்த எண்ணெய் மேலே மிதந்து முதல் கரண்டி தாங்க முடியாத காரமாகவும் கீழே நிற்கும் குழம்பு வெறுமையாகவும் இருக்கும். அங்கே ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

மீன் குழம்புதான் சிக்கல். அதில் புளியும் மிளகாயும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, மிளகாயை எடுத்தால் வெறும் புளித்தண்ணீர் மிஞ்சும். மீன் குழம்புக்கு நான் சொல்வது, காரத்தோடு சேர்த்துப் புளியையும் கடைசிக்குத் தள்ளுவது. அடிக் குழம்பை வழக்கமான புளியில் பாதியோடு, தேங்காய் கூட்டி வையுங்கள். மீதிப் புளியைக் கெட்டியாகக் கரைத்து, காரத் தாளிப்பு வாணலியில் தூள் வறுபட்டதும் ஒரு கரண்டிக் குழம்புக்குப் பதிலாக ஊற்றி, புளியின் பச்சை வாசனை போகும்வரை ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிடுங்கள். மீன் உடையும் என்பதால் பிரிக்கும் வேலையை மீன் போடுவதற்கு முன்பே முடித்துவிட்டு, இரண்டு சட்டியிலும் மீனைத் தனித்தனியே போட்டு இறக்குங்கள். அங்கே கடைசி ஐந்து நிமிடம் இரண்டு அடுப்பு வேண்டியிருக்கும், அதற்கு மாற்று இல்லை. வறுவல், சுக்கா போன்ற உலர்ந்த கறிகளுக்கு இந்த முறை வேண்டாம். மசாலா துண்டோடு சேர்ந்து வறுபடுவதுதான் அவற்றின் ருசி, பின்னால் பூசினால் பூசியதாகவே தெரியும்.

பரிமாறும்போது கரண்டியில் கவனம் வையுங்கள். சிவந்த எண்ணெய் கரண்டியில் ஒட்டும், காரச் சட்டியில் போட்ட கரண்டி குழந்தையின் கிண்ணத்துக்குள் போனால் அதுவே போதும் அவள் தட்டைத் தள்ள. பாத்திரம் வேறாக இருந்தும் குழந்தை உறைக்கிறது என்றால் முதலில் கரண்டியைச் சந்தேகியுங்கள். காரம் தெரியாமல் ஏறிவிட்ட குழம்பைச் சரிசெய்யத் தண்ணீர் விடாதீர்கள், ருசிதான் நீர்க்கும், மேலே மிதக்கும் காரம் அப்படியே இருக்கும். தேங்காய்ப்பாலோ முந்திரி விழுதோ சேர்த்தால் அடங்கும்.

மிஞ்சிய காரத் தாளிப்பில் பூண்டும் வெங்காயமும் குழம்பும் இருப்பதால் அது ஊறுகாய்போல் வெளியில் தாங்காது. எண்ணெய்க்குள் காற்றில்லாமல் அமிழ்ந்த பூண்டில் ஆபத்தான கிருமி வளரக்கூடும், கெட்டுப்போனது வாசனையில் தெரியவும் தெரியாது. ஆறிய உடனே மூடிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் காலை தோசைக்குக் குழம்பைச் சுடவைக்கும்போது ஒரு தேக்கரண்டி இதில் கலந்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் உங்களுக்கும் கணவருக்கும் போதும்.